ஏழாவது ஷரத்தோடு நிறுத்திக்கொண்டேன்

உங்கள் அத்தை நம் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டாள். நல்லது கெட்டது என்று வந்தால் வாசலில் நின்றபடியே விசாரித்துவிட்டு, எவ்வளவு வெயிலாக இருந்தாலும் திரும்பிவிடுவாள். "ஏம்ப்பா அத்தை இப்படி இருக்காங்க?" என்று நீங்கள் மூன்று பேரும் வெவ்வேறு வயதில் கேட்டிருக்கிறீர்கள். "அது அவ குணம்" என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிடுவேன். அது பொய். உங்கள் அத்தைக்கு அப்படி ஒரு குணம் கிடையாது. நடந்ததை எழுதிவைக்கிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யும் இங்கிலீஷ் டைப்பிங்கில் லோயரும்தான். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில், காரைக்குடியிலிருந்து அரியக்குடி போகிற வழியில் ஒரு கடலை எண்ணெய் மில் இருந்தது. அதில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே உங்கள் மாமாதான், என் அக்காவின் புருஷன். அத்தான் அங்கே எக்ஸ்பெல்லர் ஓட்டினார். எக்ஸ்பெல்லர் என்றால் கடலையை நெருக்கிப் பிழிகிற இரும்பு மிஷின். சத்தத்தை வைத்தே உள்ளே கடலை எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவார். பதினோரு வருஷ சர்வீஸ். முதலாளியிடம் போய், "என் மச்சினன் ஒருத்தன் டைப் படிச்சுட்டுச் சும்மா கெடக்கான்" என்று சொன்னார். மறுநாள் எனக்கு நாற்காலி கிடைத்தது.

மில்லுக்குப் பின்னால் ஒரே கூரையில் ஆறு ஓட்டு வீடுகள். முதல் வீடு அத்தானுக்கும் அக்காவுக்கும். அக்கா அப்போது மூத்தவளைக் கையில் வைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு எனக்கு அந்த வீட்டில்தான். நான் கை கழுவுகிற இடத்தில் ஒரு முருங்கை நின்றது. அந்த மரத்தையும் பின்னால் வெட்டினோம். அது இருக்கட்டும்.

முதலாளி செட்டியார். பர்மாவில் கொடிகட்டிப் பறந்த குடும்பம். அங்கே எல்லாம் போனபிறகு இங்கே இந்த மில்லை வைத்துக்கொண்டு, பழைய அளவுக்கு எப்படி எழுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு எல்லாருக்கும் வேட்டி தன் கையால் கொடுப்பார்.

அந்தச் சமயத்தில் சென்னைக் கம்பெனி ஒன்று அவரைத் தேடி வந்தது. எக்ஸ்பெல்லரில் பிழிந்த பிறகும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். அதை ஒரு திரவத்தில் கரைத்து வெளியே எடுக்கிற ஆலைக்கு சால்வென்ட் பிளான்ட் என்று பெயர். எண்ணெய் எடுத்த புண்ணாக்கை வெளிநாட்டுக்காரன் வாங்குவான். சென்னைக்காரர்களிடம் மிஷினும் அந்தத் தொழில்நுட்பமும் இருந்தன. நம்மிடம் ரயில் பாதையை ஒட்டிய இடமும், புண்ணாக்கும், கடலை வாங்கித் தருகிற வியாபாரிகளும் இருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து புதிதாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கலாம் என்று பேச்சு. அந்தப் பேச்சை ஒரு தாளில் எழுதி முதலில் கையெழுத்துப் போடுவோம் என்றார்கள். அதற்கு லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று பெயர். எண்ணத்தைச் சொல்கிற கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நகல் தபாலில் வந்தது. மொத்தம் மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கத்தில் ஏழு ஷரத்து. புதுக் கம்பெனி ஒன்று தொடங்குவது, பங்கில் அவர்களுக்கு ஐம்பத்தொன்று நமக்கு நாற்பத்தொன்பது என்பது, நாம் இடத்தைக் காலியாக ஒப்படைப்பது, அவர்கள் மிஷின் கொண்டுவருவது, டைரக்டர்களில் அவர்களுக்கு மூவர் நமக்கு இருவர், பாங்கு கடன், ஏழாவதாக, இப்போது மில்லில் இருக்கிற தொழிலாளர்களுக்குப் புதுக் கம்பெனி வேலையில் முன்னுரிமை தரும் என்பது. மூன்றாவது பக்கத்தில் மீதி ஐந்து ஷரத்து, பொடி எழுத்தில்.

"தேவகோட்டை வக்கீல்கிட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு வாய்யா" என்றார் முதலாளி. பஸ் ஏறிப் போனேன்.

வக்கீல் முதல் இரண்டு பக்கத்தை விசிறி மாதிரி புரட்டினார். மூன்றாவது பக்கத்தில்தான் கண்ணாடியை மாட்டினார். இரண்டு தடவை படித்தார்.

"எட்டாவதைப் பாரு தம்பி. ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் எழுதினது எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாதுன்னு போட்டிருக்கான். முறையான ஒப்பந்தம் தனியா எழுதிக் கையெழுத்தானாத்தான் உண்டு. அதுக்கு அவன் போர்டு சம்மதிக்கணும். ஆனா ஒம்போதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இன்னைக்கே கட்டுப்படுத்தும்."

"ஒம்போதுல என்ன இருக்குங்கய்யா?"

"ஆறு மாசத்துக்கு உங்க முதலாளி இந்த இடத்தைப் பத்தியோ மில்லைப் பத்தியோ வேற யாருகிட்டயும் பேசக்கூடாது. அவன் வேற இடம் பார்க்கலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை இல்லை. பத்தாவது ரகசியம். பதினொண்ணு, அவங்கவங்க செலவு அவங்கவங்க தலையில. பன்னெண்டு, ஆறு மாசத்துல ஒப்பந்தம் ஆகலைன்னா கடுதாசி காலாவதி. வழக்குன்னா மெட்ராஸ் கோர்ட்டு." கண்ணாடியைக் கழற்றினார். "தப்பான கடுதாசி இல்ல. பெரிய கம்பெனியெல்லாம் இப்படித்தான் எழுதுவான். உங்க முதலாளிகிட்டச் சொல்லு, கையெழுத்துப் போடட்டும். ஆனா இதை நம்பி ஒரு ஓட்டைக்கூடப் பிரிக்க வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லு."

நான் அப்படியே வந்து சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. இதுவரைக்கும் என்மேல் தப்பில்லை.

முதலாளி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். "வக்கீலுக்குப் பயமுறுத்துறதுதானேப்பா தொழிலு. கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா செல்லாதுன்னு ஒரு வக்கீலைக் கேட்டா அவனும்தான் எழுதித் தருவான். பேசி முடிச்சா முடிச்சதுதான்." பிறகு என்னைப் பார்த்தார். "எட்டு, ஒம்போதெல்லாம் உன்னோட இருக்கட்டும். புதுக் கம்பெனியில ஆபீஸ் சூப்பரின்டென்ட் நீதான்."

அந்தப் பதவியும் எட்டாவது ஷரத்துக்கு உட்பட்டதுதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட நல்ல நாள் பார்த்தார். சென்னைக் கம்பெனி மேனேஜர் காரில் வந்தார். மெல்லிய மனிதர், மெல்லிய குரல். இரண்டு பிரதியிலும் அவர்கள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. 'ஏற்றுக்கொள்கிறோம்' என்ற இடத்தில் முதலாளி கையெழுத்திட்டு ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தால் போதும். முதலாளி அப்படிச் செய்யவில்லை. இரண்டு வெள்ளித் தட்டு வரவழைத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிரதி. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். மேனேஜரை எழுந்து நிற்கச் சொல்லித் தட்டை மாற்றிக்கொண்டார், சம்பந்திகள் மாதிரி.

"தட்டையும் நானே வச்சுக்கணுமா சார்?" என்று மேனேஜர் சிரித்தார்.

"தட்டைக் குடுத்துருங்க, மத்ததெல்லாம் உங்களுக்குத்தான்" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தோம். அத்தான் எக்ஸ்பெல்லரை நிறுத்திவிட்டுக் கதவருகே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார்.

முதலாளிக்குத் தட்டு மாறியதுதான் ஒப்பந்தம். தாளில் என்ன இருந்தாலும் தட்டு மாறின பிறகு பின்வாங்குகிற வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. அதனால் நிச்சயமான வீட்டில் வெள்ளையடிப்பதுபோல அவரும் வேலையை ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது இடம் காலியாக இருக்க வேண்டும். அதற்கு மில்லை நிறுத்த வேண்டும், ஆறு வீட்டையும் எடுக்க வேண்டும், ஆட்களை இந்த மில் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். முதலாளியே ஆளை நீக்கினால் சர்வீசுக்குத் தக்க நஷ்டஈடு தரவேண்டும். ஆளே ராஜினாமா கொடுத்தால் தரவேண்டாம். "எதுக்கு வீண் செலவு? அங்குட்டு விட்டு இங்குட்டு ஏறப் போறாங்க. ராஜினாமா எழுதி வாங்கிரு" என்றார் என்னிடம்.

பதினான்கு பேரையும் குடோனில் உட்காரவைத்தேன். முதலாளி வரவில்லை. எனக்கு நாற்காலி, அவர்கள் சாக்கின்மேல்.

"எங்களை எடுத்துக்குவாங்கன்னு அந்தக் கடுதாசியில இருக்கா, இல்ல வாயில சொன்னதா?" என்று அத்தான்தான் கேட்டார்.

"கடுதாசியிலயே இருக்கு அத்தான். டைப் அடிச்சு இருக்கு."

"படிங்க பாப்போம்."

எடுத்தேன். மேலே குத்தியிருந்த குண்டூசியோடு மூன்றாவது பக்கத்தைப் பின்பக்கமாக மடித்து, இரண்டாவது பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டேன். ஏழாவதை இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொன்னேன். இப்போது இருக்கிற தொழிலாளர்களுக்குப் புதுக் கம்பெனி வேலையில் முன்னுரிமை தரும். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கடலை தோலுரிக்கிற பகுதியில் இருந்த ஒரு வயதானவர், "இங்கிலீசுல அது நல்லா நீளமா இருந்துச்சே, தமிழ்ல சின்னதாப் போச்சு" என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

"கடுதாசியைக் குடுங்க மாப்ளே, யூனியன்ல ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டுக் குடுத்துர்றேன்" என்றார் அத்தான்.

"முடியாது அத்தான். இது ரகசியம்னு ஷரத்து இருக்கு. வெளியில காட்டினா முதலாளி மேல கேஸு வந்துரும்."

அது உண்மை. பத்தாவது ஷரத்து நிஜமாகவே கட்டுப்படுத்துகிற ஷரத்து. நான் அன்று சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பிள்ளைகளே, இதை இரண்டு தடவை படியுங்கள். ஒரு பொய்யும் சொல்லாமல் பதினான்கு குடும்பத்தின் கழுத்தை என்னால் அறுக்க முடிந்தது.

அத்தான் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "நம்ம ஆளு படிச்சுச் சொல்லுது. இதுக்கு மேல யாருகிட்டப் போய்க் கேக்குறது? போடுங்கப்பா" என்றார்.

ஆபீஸ் மிஷின் இங்கிலீஷ். அதனால் பதினான்கு ராஜினாமாவையும் தமிழில் நானே கையால் எழுதினேன். 'என் சொந்தக் காரணங்களுக்காக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' முதல் கையெழுத்து அத்தான் போட்டார். அவர் போட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போட்டார்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது அக்கா, "ஆறு மாசம்தானேடா? சட்டி பானையெல்லாம் ஒக்கூருல மாமியா வீட்டுல போட்டு வைக்கிறேன். உங்க ஆலை எழும்புனதும் எனக்கு முதல் வீடுதான் வேணும், சொல்லிப்புட்டேன்" என்றாள். சொல்கிறேன் என்றேன். ஓட்டைப் பிரித்தவர்களுக்கு அவள்தான் நீர்மோர் கொடுத்தாள்.

நான்காவது மாதத்தில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் வந்தார். மில்லை ஐந்து வருஷக் குத்தகைக்குக் கேட்டார். "பழைய ஆளுகளையே கூப்பிட்டுக்குறேன். அந்த எக்ஸ்பெல்லர் ஓட்டுறவரைப் பத்தி எங்க ஊரு வரைக்கும் பேச்சு" என்றார். முதலாளிக்குக்கூட ஒரு நிமிஷம் ஆசை வந்தது. சென்னையிலிருந்து ஒரு மாதமாகக் கடிதம் வரவில்லை. என்னைப் பார்த்தார். "ஒம்போதாவது ஷரத்து இருக்குங்க. ஆறு மாசம் வேற யாருகிட்டயும் பேசக்கூடாது" என்றேன் நான். என் வேலையைச் செய்தேன். முதலாளி அவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த மாதமே அவர் வேறு மில்லை எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

ஆறு மாதம் முடிந்து ஒரு வாரம் கழித்து முதலாளியும் நானும் சென்னைக்குப் போனோம். அந்த மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வந்தது. வெயிலைப் பற்றிப் பேசினார்.

"போர்டுல ஒத்துக்கலை சார்" என்றார் பிறகு. "கடலூர்ப் பக்கம் ஒரு இடம் அமைஞ்சுடுச்சு. துறைமுகம் கிட்ட. நீங்க கொடுத்த கடலை வரத்துக் கணக்கெல்லாம் எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்தது. ஒரு கடிதம் போடணும்னு இருந்தேன்."

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். "வேற எடம் பாத்தீகளா? எங்கிட்டப் பேசி முடிச்சிட்டு?"

"நீங்கதான் வேற யார்கிட்டயும் பேசக்கூடாது சார். எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையே."

"நான் எடத்தைக் காலி பண்ணிட்டேனய்யா. ஆறு வீட்டை இடிச்சுப்புட்டேன். மில்லை நிறுத்திட்டேன். மூணாவது ஷரத்துல காலியா ஒப்படைக்கணும்னு நீங்கதானே எழுதினீக?"

"இடிக்கச் சொல்லி நாங்க எழுதலையே. மூணாவது, எட்டாவதுக்கு உட்பட்டதுதானே." என்னைப் பார்த்தார். "தம்பி, உங்க பிரதி கையில இருக்கா? எட்டாவதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

படித்தேன். அந்த ஷரத்தை நான் வாய்விட்டுப் படித்தது அதுதான் முதல் தடவை. மஞ்சள் கறை தாளின் மூலையில் காய்ந்து உதிர்ந்தது.

"தட்டு மாத்துனோமே" என்றார் முதலாளி. அவர் குரல் அப்படிச் சிறுத்து நான் கேட்டதில்லை.

"உங்க ஊர் மரியாதைன்னு நினைச்சேன் சார். ரொம்ப நல்லா இருந்தது. அந்த வெத்தலையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி இன்னும் அதைப் பத்திச் சொல்லுவா." மேனேஜர் எழுந்தார். கார் வேண்டுமா, ஸ்டேஷன் வரை விடச் சொல்லவா என்று கேட்டார்.

ரயிலில் முதலாளி ஒன்றும் சாப்பிடவில்லை. விடிந்து, வண்டி புதுக்கோட்டை தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்தக் கடுதாசியைப் பத்திரமா வச்சுக்கய்யா. நமக்கும் உதவும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்தேன்.

அந்த வாரமே மில்லில் ஒரு எக்ஸ்பெல்லர் ஓடத் தொடங்கியது. பழைய ஆட்கள் பதினான்கு பேரும் கேட்டருகே வந்து நின்றார்கள். முதலாளி வெளியே வந்தார்.

"ஆலை வரல. நானும் உங்களை மாதிரி ஏமாந்துதான் நிக்கிறேன். இருக்கறதை ஓட்டணும். தினக்கூலிக்கு யாரு வேணும்னாலும் வாங்க. ஆனா புது ஆளாத்தான் வரணும்."

"பதினோரு வருசங்க" என்றார் அத்தான்.

"அதைத்தான் நீயே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டியேப்பா."

"வேலை போட்டுத் தருவாகன்னு கடுதாசியில இருக்குன்னு சொன்னதாலதான் எழுதுனோம்."

முதலாளி என் பக்கம் கை நீட்டினார். நான் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் இங்கிலீஷ் படிக்க மாட்டார். ஆனால் மூன்றாவது பக்கத்தில் எட்டாவது ஷரத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். அதில் விரலை வைத்து, சென்னை மேனேஜர் மாதிரியே மெதுவாகச் சொன்னார்: "ஏழாவது, எட்டாவதுக்கு உட்பட்டது. அது யாரையும் கட்டுப்படுத்தாதுப்பா."

கடலை தோலுரிக்கிறவர், "தமிழ்ல சின்னதாப் போச்சுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

யூனியன்காரர் மூலமாக மதுரை லேபர் ஆபீசருக்கு மனுப் போனது. ராஜினாமா விருப்பப்பட்டுக் கொடுத்ததில்லை, வேலை நிச்சயம் என்று நம்பவைத்து வாங்கியது என்பது மனு. அது நிரூபணமானால் பதினான்கு பேருக்கும் பழைய சர்வீஸ் நிற்கும். எல்லாம் ஒரே கேள்வியில் தொங்கியது.

ஆபீசர் ராஜினாமாக் கடிதங்களை வரிசையாக மேசையில் பரப்பினார். "எல்லாம் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கே?"

"நான் எழுதினேங்கய்யா. அவங்க சொன்னாங்க, எழுதினேன்" என்றேன்.

பிறகு முதலாளியின் வக்கீல் லெட்டர் ஆஃப் இன்டென்டை நீட்டினார். தேவகோட்டைக்காரர் இல்லை, வேறொருவர். ஆபீசர் மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். எட்டாவதில் பென்சிலை வைத்து நிறுத்தினார்.

"தம்பி, ஏழாவதை நீங்கதான் இவங்களுக்குப் படிச்சுச் சொன்னதா மனுவுல இருக்கு. இந்த எட்டாவது, கட்டுப்படுத்தாதுங்கிறது. இதையும் சேர்த்துப் படிச்சுச் சொன்னீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கு அப்போது கல்யாணம் முடிந்து எட்டு மாதம். உங்கள் அம்மா வயிற்றில் மூத்தவன்.

அத்தான் என்னையே பார்த்தார். கெஞ்சவில்லை. மாப்ளே எப்படியும் சொல்லிவிடுவான் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறவரின் முகம் அது. அதுதான் இன்றுவரை எனக்கு முள்.

"படிச்சேங்கய்யா" என்றேன். "எல்லா ஷரத்தையும் படிச்சுச் சொன்னேன். தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தாங்க."

அதுவரைக்கும் நான் பொய் சொல்லாமல் கெடுத்தேன். அன்றைக்குப் பொய்யே சொன்னேன். யூனியன்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஏதோ சொல்ல வந்தார். அத்தான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"விடுங்க. அது எங்க வீட்டுப் பையன்" என்றார்.

மனு அங்கேயே படுத்துவிட்டது. கோர்ட்டு வரை போக அவர்களிடம் தெம்பில்லை. அத்தான் விருதுநகர்ப் பக்கம் போய் ஒரு மில்லில் மூட்டை தூக்கினார். இங்கே அவர் கைக்கு இரண்டு பேர் மூட்டை எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு ஆபீசில் பூட்டுப் போட்ட இழுப்பறையோடு ஒரு மேசை கிடைத்தது. அதில் முதலில் வைத்துப் பூட்டியது அந்தக் கடிதத்தைத்தான். வீடுகள் இருந்த இடம் வேலிக்கருவை மண்டிப் போனது. முதலாளி அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னதே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அக்காவின் மூத்தவளுக்குக் காதுகுத்து. ஒக்கூரில் குலதெய்வக் கோயிலில். எனக்கு அழைப்பு வரவில்லை. ஆனாலும் தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அழைக்காவிட்டாலும் போகிற உரிமை என்று ஒன்று உண்டு என்று நினைத்தேன். தட்டில் பட்டுப் பாவாடை, தோடு, வெற்றிலை, பழம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். உங்கள் அம்மா கைப்பிள்ளையோடு வீட்டில் இருந்தாள்.

ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். அத்தானின் சித்தப்பா மகன் மடியில் குழந்தை இருந்தது. நான் தட்டை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. தட்டை ஒரு முறை பார்த்தாள், பிறகு என்னை. கோயிலில் அத்தனை பேரும் கேட்கும்படிதான் சொன்னாள். கத்தவில்லை.

"நீதான் நல்லாப் படிப்பியே. இந்தத் தட்டுல இருக்கறதுல எது எது கட்டுப்படும், எது எது கட்டுப்படாதுன்னு படிச்சுச் சொல்லு. கடைசி வரைக்கும் படி. கேட்டுட்டு வாங்கிக்கிறேன்."

நாலைந்து பேர் வாயைப் பொத்திச் சிரித்தது காதில் விழுந்தது.

"அவனை விடு புள்ள" என்றார் அத்தான் அக்காவிடம். அவர் தோளில் துண்டுக்கடியில் மூட்டைத் தழும்பு தெரிந்தது. "போயிட்டு வாங்க மாப்ளே. வெயில் ஏறுது."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். இன்றைக்கும் வழியில் பார்த்தால் மரியாதையாகத்தான் பேசுவார். அக்கா திரும்பி, ஆசாரியைப் பார்த்துத் தலையசைத்தாள். குழந்தை வீறிட்டது. குத்தி முடித்துவிட்டார்கள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மடியில் வைத்திருந்ததைப் பார்த்து ஒரு கிழவி, "எந்த ஊருல விசேசம்? பொண்ணு பாக்கப் போறீகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உங்கள் அம்மா வாசலில் தட்டைப் பார்த்தாள். பாவாடை மடிப்புக் கலையவில்லை, வெற்றிலை வாடியிருந்தது.

"ஏன், வாங்கிக்கலையா?" என்றாள்.

"அது அவ குணம்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.